ஒரு ஜாடிக்கு 46 போத்தல்

"அன்புசால் பெரியோர்களே, தாய்மார்களே! எங்கள் சிறிய மகளிர் குழுவினர் எங்களால் இயன்றவரை சுத்தமான முறையில் எலுமிச்சை ஊறுகாய் தயாரித்து வருகிறோம். இஃது உலகத்தரம் வாய்ந்த, நூறு விழுக்காடு இயற்கையான, இரத்த அழுத்தத்தைக் குறைக்கவல்ல ஊறுகாயாகும். வீட்டில் செய்வதால் சுவை சற்று முன்பின் இருக்கலாம். குறைகள் இருப்பின் பொறுத்தருள்க. எந்நேரத்திலும், எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். விலை பேசிக்கொள்ளலாம். தங்கள் வற்றாத நல்லாதரவை நல்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

சுங்கைப் பட்டாணிக்கு அருகிலுள்ள எங்கள் தாமானில், என் அம்மா கணக்கராக இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழு 2022ஆம் ஆண்டு முதல் வீடு வீடாகக் கொடுத்துவந்த விளம்பரத்தாள் இது. அடியில் மூன்று கைத்தொலைபேசி எண்கள். மேலே பிள்ளையார் சுழி. 2025ஆம் ஆண்டின் நீண்ட விடுமுறையில் இதைத் திருத்தி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "நீதான் பல்கலைக்கழகத்துல படிக்கிற, கொஞ்சம் நல்ல தமிழ்ல எழுதிக் கொடும்மா" என்றார்கள். தாளில் இருந்த தமிழில் பிழை ஒன்றும் இல்லை. நான் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு புகுமுக வகுப்பு, தேசிய இடைநிலைப்பள்ளி என்று போனவள். என்னைவிட நல்ல தமிழ் அந்தத் தாளில் இருந்தது. சிக்கல் வேறு இடத்தில்.

குழுவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு தொழிற்சாலை வேலையை இழந்த எட்டுப் பெண்கள் மறு ஆண்டில் சேர்ந்து தொடங்கியது. ஊறுகாய்க்குத் தலைமை ஒரு பெரியம்மா. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலேயே லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஊறுகாய் போட்டுக் கொடுத்தவர். மாதம் ஒரு ஜாடி. அந்த வருமானம் பெரிதல்ல, ஆனால் அவர்களில் சிலருக்கு அதுதான் சொந்தக் கைக்காசு.

2024ஆம் ஆண்டின் இறுதியில் குழுவைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. காரணம் இதுதான். வீடு குடிபுகும் விழாவுக்கு ஒருவர் 60 போத்தல் கேட்டார், ஒரே வாரத்தில். "எந்நேரத்திலும், எவ்வளவு வேண்டுமானாலும்" என்று நம் தாளே சொல்லியிருக்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? கையிருப்பில் 12 போத்தல் இருந்தது. மீதி 48க்கு, உப்பில் ஒன்பது நாள் மட்டுமே ஊறிய ஜாடியைத் திறந்து, மிளகாயும் எண்ணெயும் சேர்த்து அடைத்துக் கொடுத்துவிட்டார்கள். எலுமிச்சைத் தோல் பதமாக மூன்று வாரமாவது வேண்டும். ஒன்பது நாளில் தோல் பல்லில் கடிபடும். அதன் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியின் கசப்பு போகாது. விருந்தினர்கள் முகம் சுளித்தார்கள். போத்தல் 10 வெள்ளி வீதம் 480 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தது குழு. அந்த மாதமே இருவர் விலகினர்.

அதே சமயம் பட்டணத்துக் கடை ஒன்றில் விற்றுத்தரச் சொல்லி வைத்த 24 போத்தலில் 17 திரும்பி வந்தன. கடைக்காரர் கெட்டவர் அல்லர். தாளைக் காட்டி அம்மாவிடம் ஒன்று கேட்டார்: "சுவை முன்பின் இருக்கும், மன்னிச்சிடுங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நான் எதைச் சொல்லி விக்கிறது?"

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் தாளைப் படிக்கத் தொடங்கினேன். ஒரே தாளில் "உலகத்தரம்" என்றும் இருக்கிறது, "பொறுத்தருள்க" என்றும் இருக்கிறது. முதலில் இவை ஒன்றுக்கொன்று முரண் என்று தோன்றியது. பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஊறுகாயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளும் வேலை. என்ன எலுமிச்சை, எத்தனை நாள் ஊறியது, போத்தல் எவ்வளவு எடை, என்ன விலை, எப்போது கிடைக்கும் என்று வாங்குபவர் கேட்கக்கூடிய ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை.

இந்த நடை எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆலயத் திருவிழா அழைப்பிதழ் ஒன்று ஒட்டியிருந்தது. "அன்புசால் பெரியோர்களே", "வற்றாத நல்லாதரவு", "குறைகள் இருப்பின் பொறுத்தருள்க" எல்லாம் அதில் அப்படியே இருந்தன. நம் தாமான்களில் அச்சில் வரும் தமிழ் பெரும்பாலும் திருவிழா அறிக்கையும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கடிதமும், இரங்கல் செய்தியும்தாம். விலை சொல்லிப் பொருள் விற்கும் தமிழைக் குழுவினர் எங்கே படித்திருக்கப் போகிறார்கள்? அதனால் நன்கொடை கேட்கும் தமிழை எடுத்து ஊறுகாய் விற்கப் பயன்படுத்திவிட்டார்கள். நன்கொடை கொடுப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை கொடுப்பார். கொடுத்ததற்குக் கணக்குக் கேட்க மாட்டார். ஊறுகாய் வாங்குபவர் அப்படி அல்லவே!

ஆகவே புதுத்தாளுக்கு நான் எனக்கே வைத்துக்கொண்ட விதி இதுதான்: குழுவினர் கையால் செய்வது, கண்ணால் பார்ப்பது, எண்ணிச் சொல்லக்கூடியது மட்டும் தாளில் இருக்கவேண்டும். "இயன்றவரை" என்பதை முதலில் அடித்தேன். அடித்த இடத்தில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. "சுத்தமான முறையில்" என்பதற்குப் பதிலாக என்ன நடக்கிறது என்று எழுத, நடப்பதைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

பார்த்ததை எழுதுகிறேன். ஒரு ஜாடிக்குப் பத்துக் கிலோ எலுமிச்சை, ஏறக்குறைய 250 காய். காலை ஆறு மணிக்குக் கழுவி, மின்விசிறிக்குக் கீழே வெள்ளைத் துணியில் பரப்பி, பிறகு ஒவ்வொரு காயையும் தனித்தனியாகத் துடைக்கிறார்கள். காம்பு இருந்த குழியில் ஒரு சொட்டு நீர் நின்றால்கூடப் பெரியம்மா திருப்பி அனுப்பிவிடுகிறார். எட்டுத் துண்டாக வெட்டி, விதை எடுத்து, கல் உப்புடன் அடுக்கடுக்காகப் பீங்கான் ஜாடியில் இடுகிறார்கள். 21 நாள் தினமும் காலையில் ஜாடியைக் குலுக்கவேண்டும். அதற்கு முறை வைத்து ஆள் இருக்கிறது. அதன் பிறகு மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம், காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய். இன்னும் ஏழு நாள். ஆக நான்கு வாரம். இதில் "இயன்றவரை" என்று சொல்வதற்கு எங்கே இடம் இருக்கிறது? 250 காயையும் துடைக்கிறார்கள் என்பது வெறும் உண்மை.

ஆனால் "சுவை சற்று முன்பின் இருக்கலாம்" என்ற வரியை அவ்வளவு எளிதாக அடிக்க முடியவில்லை. அது பொய் அல்ல. மழைக்காலத்தில் வரும் காயில் சாறு அதிகம். அந்த ஜாடி ஊறுகாய் தளர்வாக இருக்கும். வெயில் காலத்துக் காயில் தோல் தடித்திருக்கும். ஊறுகாய் கெட்டியாக வரும். மறைத்தால் வாங்குபவர் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே எது மாறும், எது மாறாது என்று பிரித்துச் சொல்லவேண்டும். மாறாதது எது என்று கேட்டேன். "உப்பு, காரம், ஊறுற நாள்" என்றார் பெரியம்மா. உப்பு எவ்வளவு என்று கேட்டேன். வலது கையைக் காட்டினார்.

நான் சமையலறை மின்தராசை எடுத்து வந்து, அவர் அள்ளிய ஒரு கைப்பிடி உப்பை நிறுத்தேன். 62 கிராம். அடுத்தது 71. அதற்கடுத்தது 56. எண்ணைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "என் கையை நம்பலையாம்மா நீ?" அறையில் யாரும் பேசவில்லை. அம்மா எனக்குக் கண்ஜாடை காட்டினார், விட்டுவிடு என்று.

விட்டுவிட்டேன். ஆனால் அம்மாவிடம் தனியே ஒன்று சொல்லி வைத்தேன்: உப்புப் பையை ஜாடி போடுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்து எழுதிவையுங்கள், அவ்வளவு போதும். மூன்று ஜாடிகளுக்கு எழுதினார். நான் வளாகத்தில் இருந்தபோது புலனத்தில் அனுப்பிய கணக்கும் இதில் சேரும். பத்துக் கிலோவுக்கு முதல் ஜாடியில் 1.52 கிலோ, அடுத்ததில் 1.48, மூன்றாவதில் 1.51. கைப்பிடிக்குக் கைப்பிடி வேறுபடுகிறது. ஆனால் இருபத்து நான்கு கைப்பிடி முடியும்போது மொத்தம் ஒன்றரைக் கிலோவில் வந்து நிற்கிறது. ஒரு பிடி கூடிவிட்டால் அடுத்த பிடியைக் குறைக்க அவருக்குத் தெரிகிறது. ஜாடியில் காயும் உப்பும் சேர்ந்து மின்னுவதைப் பார்த்துப் போடுகிறார். இந்தக் கணக்கைக் காட்டியபோதுதான் பெரியம்மா சிரித்தார். "அப்ப என் கை சரிதான்லா" என்றார். "பத்துக் கிலோ எலுமிச்சைக்கு ஒன்றரைக் கிலோ கல் உப்பு" என்ற வரி அப்படித்தான் தாளில் ஏறியது. அவருக்குப் பிறகு யார் ஜாடி போட்டாலும் அந்த எண் இருக்கும்.

அடுத்தது இரத்த அழுத்தம். ஒன்றரைக் கிலோ உப்புப் போட்ட ஊறுகாய் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று எழுதியதைப் படித்து நான் சிரித்ததற்கு அம்மா கோபித்துக்கொண்டார். யாரோ சொல்லி எழுதியதாம். சிரிப்பு ஒருபக்கம் இருக்க, உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்க நம் நாட்டு 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் இடங்கொடுப்பதில்லை. அந்த வரி போனது. அதோடு, சிட்டையில் பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, செய்பவர் பெயரும் முகவரியும் மலாய்மொழியில் இருக்கவேண்டும். தமிழைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் ஹலால் என்றும் போட்டுவிடலாமே என்றார். அதற்கென உள்ள அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லைப் போடச் சட்டம் விடாது. சேர்மானத்தை ஒழுங்காக எழுதிவிட்டால், உப்பைத் தவிர எல்லாம் செடியில் வந்தவை என்று மலாய் அண்டைவீட்டாருக்கே தெரிந்துவிடும்.

சேர்மானம் எழுத உட்கார்ந்தபோது ஒன்று அகப்பட்டது. பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தூளில் பெருங்காயம் கொஞ்சம்தான். மீதி பிசினும் மாவும். எங்கள் டப்பாவில் இருந்தது கோதுமை மாவு. கோதுமை ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வாமை தரக்கூடிய பொருள் இருந்தால் சிட்டையில் சொல்லியாகவேண்டும். எலுமிச்சை ஊறுகாயில் கோதுமை என்று எழுதுவதைக் குழுவினர் விரும்பவில்லை. "பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? கலப்படம்னு நினைப்பாங்க" என்றார் ஓர் அக்கா. நியாயமான பயம். ஆகவே "பெருங்காயத்தூள் (கோதுமை மாவு அடங்கியது)" என்று எந்தப் பொருளில் அது வருகிறது என்பதையும் சேர்த்து எழுதினோம். "நூறு விழுக்காடு இயற்கை" என்பதற்கு மாற்றாக "செயற்கைப் பதப்படுத்தி சேர்க்கவில்லை, உப்பும் எலுமிச்சைப் புளிப்பும் நல்லெண்ணெயும் ஊறுகாயைக் காக்கின்றன" என்று வந்தது.

காக்கின்றன என்றால் எத்தனை நாள்? பழைய தாளில் அது இல்லை. வாய்மொழியாக ஆறு மாதம் என்பார்கள். 2024 டிசம்பரில் இரண்டு வாடிக்கையாளர்கள் மேலே வெள்ளைப்படலம் படர்ந்த போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். ஈரக் கரண்டி போட்டிருப்பார்கள் என்று எல்லாரும் வாடிக்கையாளர் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள். நல்லவேளை, அதே ஜாடியில் அடைத்த போத்தல் ஒன்று அம்மாவின் அலமாரியில் திறக்காமல் இருந்தது. அதில் படலம் இல்லை. ஆனால் கழுத்துப் பகுதியில் எண்ணெய்க்கு மேலே இரண்டு துண்டுகள் துருத்திக்கொண்டு நின்றன. அவை மட்டும் நிறம் மங்கியிருந்தன. எண்ணெயின் மூடல் இல்லாத துண்டில்தான் கோளாறு தொடங்குகிறது. ஈரக் கரண்டியும் காரணமாக இருக்கலாம். ஆனால் நம் பக்கத்திலும் ஒரு வேலை மீதமிருந்தது. அன்று முதல் துண்டுகளுக்கு மேல் ஒரு விரல் அகலம் எண்ணெய் நிற்க அடைக்கிறார்கள். ஒவ்வொரு ஜாடியிலும் இரண்டு போத்தலை விற்காமல் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று திறக்காமல் இருக்கும். மற்றொன்றைத் திறந்து, வீட்டில் நடப்பதுபோல் அவ்வப்போது எடுத்துச் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். படலம், நுரைக்குமிழி, திறக்கும்போது காற்று சீறும் ஓசை, கெட்ட வாடை, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த ஜாடி எண்ணை வைத்து வாங்கியவர்களுக்குச் சொல்லிவிடலாம்.

ஐந்தாம் மாதத்தில் நிறம் கறுத்து, துண்டுகள் குழைந்தன, கெடவில்லை. ஆனாலும் தாளில் நான்கு மாதம் என்றுதான் போட்டோம். அலமாரியில் வைத்துப் பார்ப்பது ஆய்வுக்கூடச் சோதனை ஆகாது. ஆதலால் "சோதிக்கப்பட்டது" என்ற சொல்லை நான் எழுத மறுத்துவிட்டேன். "இரண்டு போத்தலை வைத்துப் பார்க்கிறோம்" என்பதே போதும். வேடிக்கை என்னவென்றால், தாளைப் படித்தவர்கள் அதிகம் பேசியது அந்த வரியைப் பற்றித்தான்.

இப்படிப் பார்த்தால் பத்துக் கிலோவில் 250 கிராம் போத்தல் 48 வருகிறது. இரண்டு போக விற்பனைக்கு 46. இந்த எண்ணைத் தாளில் போடலாமா கூடாதா என்பதில்தான் பெரிய விவாதம். "சின்னக் குழுன்னு தெரிஞ்சிடுமே" என்றார்கள். தெரியட்டும் என்றேன். பழைய தாளில் "சிறிய மகளிர் குழு" என்று முதல் வரியிலேயே இருக்கிறதே! சிறியது என்று சொன்னால் இரக்கம் கேட்பதாகிறது. மாதம் ஒரு ஜாடி, 46 போத்தல் என்று சொன்னால் வாங்குபவர் தேதியைப் பார்க்கத் தொடங்குகிறார். 60 கேட்டு வருபவரிடம் இல்லை என்று சொல்லவேண்டிய தருமசங்கடமும் போகிறது. தாளே சொல்லிவிடுகிறது. அந்த 480 வெள்ளியை நினைவுபடுத்தியதும் விவாதம் அடங்கியது.

முன்பதிவுப் பகுதியை எழுதியபோது ஒரு சொல்லுக்காக ஒரு மாலைப் பொழுதே போனது. நான் "புலனத்தில் எழுதுங்கள்", "பணம் செலுத்துங்கள்" என்று எழுதியிருந்தேன். "என்னம்மா இது, அதிகாரமா இருக்கு. தயவுசெய்துன்னு போடு" என்றார் பெரியம்மா. மலாய்ப் பக்கத்தில் 'சிலா' என்று போட்டால் அது மிகச் சாதாரண மரியாதை; யாரும் கெஞ்சுவதாக நினைப்பதில்லை. தமிழில் ஒவ்வொரு வரிக்கும் "தயவுசெய்து" போட்டால் மறுபடியும் நன்கொடைத் தாள் ஆகிவிடுகிறது. "எழுதவும்", "செலுத்தவும்" என்றால் அஞ்சலகச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு. "எழுதுங்கள்" என்பதில் "உங்கள்" என்ற மரியாதை ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக்கு வந்தவரை "உட்காருங்கள்" என்கிறோம்; "தயவுசெய்து உட்காருங்கள்" என்றா சொல்கிறோம்? இதைக் கேட்டதும் பெரியம்மா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: தாளின் தொடக்கத்தில் "வணக்கம்" இருக்கவேண்டும். இருக்கிறது.

மூன்று தொலைபேசி எண்கள் ஒன்றாயின. முன்பு ஒருவர் வாங்கிய முன்பதிவு மற்றவருக்குத் தெரியாமல், ஒரே போத்தலை இரண்டு பேருக்குச் சொன்ன கதையெல்லாம் உண்டு. விலையும் அச்சேறியது. பேரம் பேசுவது நின்றுவிடும், ஆள் வரமாட்டார்கள் என்று ஒரு பயம். ஆனால் விலை தெரியாத பொருளுக்கு அழைத்துக் கேட்கக் கூச்சப்படுபவர்கள்தாம் அதிகம். என்னைப் போன்றவர்கள் அழைக்கவே மாட்டோம். கணக்குப் போட்டு 12 வெள்ளி என்று வைத்தோம்.

கடைசியில் அச்சான தாளின் தமிழ்ப் பக்கம் இது:

"வணக்கம். எலுமிச்சை ஊறுகாய், 250 கிராம், 12 வெள்ளி.

மாதம் ஒரு ஜாடி போடுகிறோம். பத்துக் கிலோ எலுமிச்சையைக் கழுவி, ஒவ்வொரு காயாகத் துடைத்து, ஒன்றரைக் கிலோ கல் உப்பில் 21 நாள் ஊறவைக்கிறோம். மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயத்தூள் (கோதுமை மாவு அடங்கியது), நல்லெண்ணெய் சேர்த்து மேலும் 7 நாள் வைத்த பிறகே அடைக்கிறோம். செயற்கைப் பதப்படுத்தி சேர்க்கவில்லை. உப்பும் எலுமிச்சைப் புளிப்பும் நல்லெண்ணெயும் ஊறுகாயைக் காக்கின்றன.

மழைக்காலத்து ஊறுகாய் சற்றுத் தளர்வாகவும் வெயில் காலத்து ஊறுகாய் கெட்டியாகவும் இருக்கும். உப்பும் காரமும் ஊறும் நாளும் மாறுவதில்லை.

ஒவ்வொரு போத்தலிலும் ஜாடி எண் உண்டு. ஒவ்வொரு ஜாடியிலும் இரண்டு போத்தலை எங்களிடம் வைத்துப் பார்க்கிறோம். அடைத்த நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் சாப்பிடுங்கள். உலர்ந்த கரண்டியைப் பயன்படுத்துங்கள். துண்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கட்டும். குறை தென்பட்டால் ஜாடி எண்ணைச் சொல்லுங்கள்; வேறு போத்தல் தருகிறோம் அல்லது பணத்தைத் திருப்பித் தருகிறோம்.

ஒரு ஜாடியில் விற்பனைக்கு 46 போத்தல். மாதத்தின் முதல் சனிக்கிழமை கிடைக்கும். அதற்கு முந்தைய புதன்கிழமை இரவு 8 மணிக்குள் பெயரையும் எத்தனை போத்தல் என்பதையும் புலனத்தில் எழுதுங்கள். பணம் செலுத்தியதும் போத்தல் உங்கள் பெயருக்கு ஒதுக்கப்படும். 46 முடிந்தால் அடுத்த ஜாடியில் முதலிடம் உங்களுக்கு. 20 போத்தலுக்கு மேல் வேண்டுமெனில் ஆறு வாரத்திற்கு முன்பே சொல்லுங்கள்."

கீழே ஒரே ஓர் எண். பிள்ளையார் சுழி அப்படியே இருக்கிறது. அதில் கை வைக்க எனக்கும் மனமில்லை.

படித்துவிட்டு ஓர் அக்கா சொன்னார்: "பணத்தைத் திருப்பித் தருகிறோம்னு நாமளே எழுதினா எல்லாரும் கேப்பாங்களே." பழைய தாளில் அப்படி ஒரு வரியே இல்லாமல் 480 வெள்ளி போனதே என்றார் அம்மா. அத்துடன் பேச்சு முடிந்தது.

2025 செப்டம்பரின் முதல் சனிக்கிழமைக்குள் 33 போத்தல் ஒதுக்கப்பட்டன. மீதி 13ஐ முன்பு திருப்பியனுப்பிய அதே கடைக்காரர் எடுத்துக்கொண்டார். தாளைக் கண்ணாடிப் பெட்டியில் வெளியே தெரியும்படி ஒட்டியிருக்கிறார். அக்டோபர் ஜாடி தீபாவளி மாதத்தில் வந்ததால் புதன்கிழமைக்கு முன்பே முடிந்தது. ஒன்பது பேருக்கு அடுத்த ஜாடி என்று அம்மா பதில் எழுதினார். அதில் இருவர் வேண்டாம் என்றார்கள், ஏழு பேர் காத்திருந்தார்கள். இரண்டாவது ஜாடி வாங்கலாமா என்று இப்போது குழுவில் பேச்சு நடக்கிறது. பெரியம்மா வேண்டாம் என்கிறார். 500 காயைத் துடைக்க ஆறு பேர் போதாது என்பது அவர் கணக்கு. விலகிப்போன இருவரில் ஒருவர் திரும்பி வரலாம் என்று கேள்வி.

இப்போது முறுக்குக்கும் ஒரு தாள் வேண்டுமாம். அஞ்சலில் அனுப்பும் முறுக்கு உடைந்துதான் போய்ச் சேருகிறது. அதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சென்ற வாரம் மூன்று டப்பா முறுக்கை வளாகத்துக்கு அஞ்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முழுசாக வருவது எத்தனை, உடைந்து வருவது எத்தனை என்று முதலில் எண்ணவேண்டும்.